பார்த்தது வேறு, கேட்டது வேறு

“பர்ச்சேஸ் மேனேஜர் கம்பெனியைக் கொள்ளையடிக்கிறார். இது எல்லாருக்கும் தெரியும். மச்சான் பெயரில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்து லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார். உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் பத்திரிகைக்குப் போவோம். இப்படிக்கு, நேர்மையான தொழிலாளர்கள்.”

இப்படி ஒரு மொட்டைக் கடிதம் கம்ப்ளையன்ஸ் அதிகாரியின் மேஜைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் சட்டத்தையும் தன் நடத்தை விதிகளையும் ஒழுங்காகப் பின்பற்றுகிறதா என்று கண்காணிப்பவர் அவர். கடிதத்தில் இருப்பது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் எங்கே தொடங்குவார்? எந்த பில், எந்தத் தேதி, எந்த வெண்டர், எழுதியவர் கண்ணால் பார்த்தாரா, யாரோ சொல்லக் கேட்டாரா, எதுவும் இல்லை. திரும்பக் கேட்க முகவரியும் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு விசாரித்தால் அவர் இல்லை என்பார். அன்று மாலையே அழிக்க வேண்டியதை அழித்தும் விடுவார். கடைசியில் ‘ஆதாரம் இல்லை’ என்ற குறிப்போடு கோப்பு மூடப்படும். கோபம் நியாயமானதாக இருந்தும் கடிதம் வீணாகிறது.

நிறுவனங்களில் நடக்கும் மோசடி எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தால் விடை கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். மோசடி ஆய்வாளர்களின் சர்வதேச சங்கமான ஏ.சி.எஃப்.இ. 2024-இல் வெளியிட்ட அறிக்கை, தான் ஆராய்ந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலால்தான் பிடிபட்டன என்கிறது. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் கொடுத்தவை. தணிக்கை, கேமரா, கணினி எச்சரிக்கை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஆக, ஊழியர் எழுதும் ஒரு பக்கத்துக்கு அவ்வளவு வலு இருக்கிறது. அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது, எழுதியபின் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பதை ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் நிறுவனம் கற்பனை. ஆனால் நடக்கும் விதம், உள்தணிக்கையில் வேலை பார்த்த எவருக்கும் பழகியதுதான்.

ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. கணக்குப் பிரிவில் வெண்டர் பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க அனுப்புவது ஒரு பெண் ஊழியரின் வேலை. கொள்முதல் விதி எளிமையானது. 2 லட்சம் ரூபாய் வரை பர்ச்சேஸ் மேலாளர் தானே ஆர்டர் போடலாம். அதற்கு மேல் போனால் பிளான்ட் ஹெட்டின் கையெழுத்தும் வேண்டும். புதிய வெண்டரைச் சேர்க்கும்போது மூன்று கொட்டேஷன் இணைக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு புதிய வெண்டரிடமிருந்து ஒன்பது அட்டைப்பெட்டி பில்கள் அவர் கைக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் 4,000 பெட்டி, பெட்டி 49 ரூபாய், வரி நீங்கலாக 1,96,000 ரூபாய். எல்லாமே 2 லட்சத்துக்குச் சற்றே கீழே நிற்கின்றன. அவற்றில் மூன்று ஆர்டர்கள் மே 14 என்ற ஒரே தேதியில் போடப்பட்டவை. அன்றைக்கு 12,000 பெட்டி தேவைப்பட்டிருந்தால் ஒரே ஆர்டராக 5,88,000 ரூபாய்க்குப் போட்டிருக்கலாம்; அப்போது பிளான்ட் ஹெட் கையெழுத்திட வேண்டியிருக்கும். வரம்புக்குள் அடக்க ஆர்டரைத் துண்டு போடுவது கொள்முதல் முறைகேட்டில் மிகப் பழைய கைவரிசை.

அடுத்து அவர் முதல் பில்லோடு இருந்த மூன்று கொட்டேஷன்களைப் பார்க்கிறார். மூன்று வெவ்வேறு பெயர்கள், மூன்று வெவ்வேறு லெட்டர்ஹெட். ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு சங்கதி இருக்கிறது. அது பதினைந்து இலக்கம் கொண்டது. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும், அதாவது மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை, வரி கட்டுபவரின் பான் எண்ணேதான். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும். இந்த மூன்று கொட்டேஷன்களில் இரண்டில் நடுப் பத்து இலக்கங்கள் அச்சாக ஒன்றாக இருக்கின்றன. பெயர் இரண்டானாலும் வரித்துறையின் கண்ணில் ஆள் ஒருவர்தான். தன்னோடு தானே போட்டி போட்டு ஜெயித்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சந்தேகம் தட்டியதும் துப்பறியும் ஆசை வந்துவிடுகிறது. பழைய வெண்டருக்கு போன் போட்டு ‘உங்களை ஏன் நிறுத்தினார்கள்’ என்று கேட்பது, மேலாளர் இல்லாதபோது அவர் மேஜையைத் திறந்து பார்ப்பது, சக ஊழியரின் கடவுச்சொல்லில் நுழைந்து மின்னஞ்சல் தேடுவது, எல்லா பில்களையும் படமெடுத்துத் தன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. பழைய வெண்டரிடம் பேசிய பேச்சு அரை நாளில் மேலாளரின் காதுக்கு வந்துவிடும். அனுமதியின்றி நிறுவனத்தின் கணினித் தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரக்கூடிய காரியம்; புகார் கொடுத்தவரே பதில் சொல்ல வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுவார். முறைகேடு செய்தவரின் வக்கீலுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

உங்கள் அன்றாட வேலையில் உங்கள் கைக்கு இயல்பாக வந்ததைக் குறித்துக்கொள்ளலாம். ஆர்டர் எண், பில் எண், தேதி, தொகை, கோப்பு எங்கே இருக்கிறது என்பது போதும். ஆவணத்தை எடுப்பது விசாரிப்பவரின் வேலை. அவருக்கு அந்த அதிகாரம் உண்டு, உங்களுக்கு இல்லை.

அந்த ஊழியர் எழுதிய கடிதம் இப்படி இருக்கலாம்:

“பொருள்: ஒரு கொள்முதல் தொடர்பான தகவல் (ரகசியம்).

நான் கணக்குப் பிரிவில் வெண்டர் பில்களைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். அந்தப் பணியின்போது என் கண்ணில் பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 8 முதல் ஜூன் 27 வரை அட்டைப்பெட்டிக்காக ஒரே வெண்டருக்கு ஒன்பது பர்ச்சேஸ் ஆர்டர்கள் போடப்பட்டுள்ளன. ஆர்டர் எண்களும் பில் எண்களும் தனித்தாளில் உள்ளன. ஒவ்வொன்றும் 4,000 பெட்டி, வரி நீங்கலாக 1,96,000 ரூபாய். மூன்று ஆர்டர்கள் மே 14 அன்று ஒரே நாளில் போடப்பட்டவை. ஒன்பதிலும் பர்ச்சேஸ் மேலாளரின் ஒப்புதல் மட்டுமே உள்ளது.

இதே அளவுப் பெட்டியைப் பிப்ரவரி வரை வேறொரு வெண்டரிடம் 42 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த விலை முந்தைய ஆண்டு நிர்ணயித்தது. அதன்பின் காகித விலை ஏறியதா, பெட்டியின் தரம் மாற்றப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது.

முதல் பில்லோடு இருந்த மூன்று கொட்டேஷன்களில் இரண்டின் ஜி.எஸ்.டி. எண்களில் 3 முதல் 12 வரையுள்ள இலக்கங்கள் ஒன்றாக உள்ளன. அந்த இரண்டில் ஒன்று ஆர்டர் பெற்ற வெண்டருடையது.

அந்த வெண்டர் பர்ச்சேஸ் மேலாளரின் உறவினர் என்று ஜூன் மாதம் கேண்டீனில் ஒருவர் பேசக் கேட்டேன். இது எனக்கு நேரடியாகத் தெரியாது. நான் சரிபார்க்கவும் இல்லை.

இதுபற்றி வேறு யாரிடமும் பேசவில்லை. மூல ஆவணங்கள் கணக்குப் பிரிவுக் கோப்பில் இருக்கின்றன. இந்த பில்களையும் கொட்டேஷன்களையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். ஆகவே எந்தத் தகவலிலிருந்து விசாரணை தொடங்கியது என்று வெளியே தெரிந்தால் என் பெயரும் தெரிந்துவிடக்கூடும். தொடர்புக்கு என் சொந்தக் கைபேசியில், வேலை நேரத்துக்குப் பின் அழைக்கவும்.”

இந்தக் கடிதத்தில் ‘ஊழல்’, ‘திருட்டு’, ‘கமிஷன்’ என்ற சொற்கள் எங்கும் இல்லை. எழுதியவருக்குச் சந்தேகம் இல்லாமலில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது பில்லும் தேதியும்தான், மேலாளரின் மனசு அல்ல. பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், தெரியாததைத் தெரியாததாகவும் தனித்தனியே வைத்திருக்கிறார். கேண்டீன் பேச்சை விட்டுவிடவும் இல்லை. சொந்தக்காரர் விவகாரம் உண்மையானால் அதுதான் வழக்கின் மையம். ஆனால் அதைத் தன் சாட்சியமாக அவர் சொல்லவில்லை. சொன்னவரின் பெயரை எழுதாததும் சரியே. தேவையென்றால் அதிகாரி நேரில் கேட்டுக்கொள்வார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்பது ஆர்டருக்கு 36,000 பெட்டி. பெட்டிக்கு 7 ரூபாய் வித்தியாசம் என்றால் 2,52,000 ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட யாருக்கும் கை துறுதுறுக்கும். அவர் போடவில்லை. காரணம், 42 ரூபாய் இன்றைய சந்தை விலைதானா என்பது அவருக்குத் தெரியாது. காகித விலை ஏறியிருந்தால் அந்த 2,52,000 என்ற தொகை பொய்யாகிவிடும். கடிதத்தில் ஒரு எண் பொய்யானால், உண்மையான மற்ற எண்களையும் அது தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்தது, எழுதப்படாமல் போன அந்தத் தொகைதான்.

பொருள் வரியும் யோசித்து எழுதப்பட்டதே. ‘பர்ச்சேஸ் மேனேஜர் ஊழல்’ என்று தலைப்பிட்டு அனுப்பினால், அதிகாரியின் மின்னஞ்சலைப் பார்க்கும் உதவியாளர், அவர் திரைக்குப் பின்னால் நிற்பவர், சர்வரைப் பராமரிப்பவர் என்று எத்தனையோ கண்கள் அதைப் படித்துவிடும்.

யாருக்கு அனுப்புவது? கம்பெனிகள் சட்டம் 2013-இன் 177-ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட புகார்களைப் பெற ஒரு கண்காணிப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. பட்டியலிடப்படாவிட்டாலும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் நிறுவனங்களுக்கும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்களுக்கும் இது கட்டாயம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் கம்பெனி செக்ரட்டரியே கம்ப்ளையன்ஸ் அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. ஊழியர் புகாரைப் பெறுபவர் அவராகவும் இருக்கலாம். நெறிமுறை அதிகாரி என்று தனியாக ஒருவரும் இருக்கலாம். நிறுவனத்தின் கொள்கைத் தாளில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அவருக்குத்தான் எழுத வேண்டும்.

புகாரே அந்த அதிகாரியைப் பற்றியதாக இருந்தால்? அல்லது குற்றம் சாட்டப்படுபவர் நிர்வாக இயக்குநராக இருந்து, அதிகாரி அவருக்குக் கீழே வேலை செய்பவராக இருந்தால்? அதற்கும் அதே பிரிவில் வழி உண்டு. தகுந்த அல்லது விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரை ஊழியர் நேரடியாக அணுகலாம். தணிக்கைக் குழுவே இல்லாத நிறுவனத்தில் இயக்குநர் குழு அந்தப் பொறுப்புக்கு ஓர் இயக்குநரை நியமித்திருக்க வேண்டும். பாலியல் தொல்லை புகார் மட்டும் இந்த வழியில் வராது. அது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட உள்ளகக் குழுவுக்கு, பொதுவாக மூன்று மாதத்துக்குள், போக வேண்டியது. சம்பள உயர்வு கிடைக்காத குறை மனிதவளப் பிரிவோடு போகட்டும்.

பெயர் போடுவதா வேண்டாமா என்பதில்தான் எல்லாருக்கும் தயக்கம். இங்கே இரண்டு வழிகள் உள்ளன. பெயரே இல்லாமல் எழுதுவது ஒன்று. பெயரை அதிகாரிக்கு மட்டும் சொல்லி, மற்றவரிடமிருந்து மறைக்கச் சொல்வது இன்னொன்று. பெயரில்லாத கடிதத்தின் பெரிய குறை, அதனிடம் கேள்வி கேட்க முடியாது என்பது. ‘எந்த மே 14? ஆர்டர் தேதியா, பில் தேதியா?’ என்ற சின்னச் சந்தேகத்தில்கூட விசாரணை நின்றுவிடும். பெரிய நிறுவனங்கள் சில வெளியார் நடத்தும் இணையப் புகார் முறையை வைத்திருக்கின்றன. அதில் பெயர் சொல்லாமல் புகார் கொடுத்து, ஒரு எண்ணும் கடவுச்சொல்லும் பெற்றுக்கொண்டு, பிறகு அதே எண்ணில் நுழைந்து அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். பெயரை மறைப்பதென்றால் அந்த வழியே மேல். அதையும் அலுவலகக் கணினியிலோ அலுவலக வைஃபையிலோ செய்யக்கூடாது.

பெயரை எப்படி மறைத்தாலும் விவரமே காட்டிக்கொடுத்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. நம் உதாரணத்தில் மூன்று பேர் மட்டுமே அந்தக் கோப்பைப் பார்ப்பவர்கள். அதை அவரே முன்கூட்டி எழுதிவிட்டது புத்திசாலித்தனம். விவரம் தெரிந்த அதிகாரி அப்போது ஒரு காரியம் செய்வார். அட்டைப்பெட்டியை மட்டும் தொடாமல், அந்தக் காலாண்டில் 1,80,000-க்கும் 2 லட்சத்துக்கும் இடைப்பட்ட எல்லா ஆர்டர்களையும் வழக்கமான உள்தணிக்கை என்ற பெயரில் கேட்பார். பத்து வெண்டர்களின் கோப்புகளுக்கு நடுவில் இந்த வெண்டரின் கோப்பும் வந்துவிடும். யார் சொல்லி இது நடக்கிறது என்று எவருக்கும் தோன்றாது.

ரகசியம் எப்படி உடைகிறது என்பதற்கு இந்தியாவில் ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, அங்கு நடந்த முறைகேடுகள் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதத்தில் பெயர் போடவில்லை. ஆனால் தன் சொல்லை நம்ப வேண்டுமே என்பதற்காகத் தன்னைப் பற்றிய விவரத்தைத் தனித்தாளில் இணைத்து, ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதமும் அந்தத் தாளும் சேர்ந்தே மேஜை மேஜையாக நகர்ந்தன. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று சி.பி.ஐ. முடிவு செய்தது. கொலைக்குக் காரணம் எதுவானாலும், ரகசியம் என்று எழுதிய தாளை அரசு அலுவலகம் சாதாரணக் கோப்பாக நடத்தியது மறுக்க முடியாதது. அதன் பின்விளைவாகத்தான் 2004-இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மத்திய அரசு ஊழியர்கள் பற்றிய புகாரை மூடிய உறையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயர் உறையின் மேல் இருக்கக்கூடாது, உள்ளே மட்டும் இருக்க வேண்டும். ஆணையம் அதை வெளியிடாது. பெயரே இல்லாத புகாரை அந்த வழியில் ஏற்பதில்லை.

நிறுவனத்தின் உச்சியில் இருப்பவரே புகார் எழுதியவரைத் தேடிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை லண்டனில் பார்த்தோம். பார்க்லேஸ் வங்கிக்கு 2016-இல் ஓர் உயர் நியமனத்தைக் குறை சொல்லிப் பெயரில்லாத கடிதங்கள் வந்தன. அப்போதைய தலைமை நிர்வாகி ஜெஸ் ஸ்டேலி, எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வங்கியின் பாதுகாப்புப் பிரிவை முடுக்கிவிட்டார். எழுதியவர் அகப்படவில்லை. பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்புகள் 2018-இல் ஸ்டேலிக்கு 6,42,430 பவுண்டு அபராதம் விதித்தன. அதே ஆண்டு நியூயார்க் மாநில நிதித்துறை அந்த வங்கிக்கு 1.5 கோடி டாலர் அபராதம் போட்டது. கடிதத்தில் சொன்னது சரியா தவறா என்பது அங்கே கேள்வியே அல்ல. எழுதியவரைத் தேடியதுதான் குற்றம்.

ஆனால் என் அனுபவத்தில் ரகசியம் பெரும்பாலும் மேலிருந்து கசிவதில்லை. எழுதியவரே பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘உனக்கு மட்டும் சொல்கிறேன்’ என்று தொடங்குகிறார். அலுவலக பிரின்டரில் எடுத்த தாளை எடுக்க மறந்துவிடுகிறார். இரண்டு வாரம் எதுவும் நடக்காதபோது, ‘கொஞ்ச நாளில் பாருங்கள்’ என்று கூட்டத்தில் வாய்விடுகிறார். அந்தக் கடிதத்தை வீட்டில் எழுதி, ஒரே ஒருவருக்கு அனுப்பி, அனுப்பிய தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த மேலாளருக்கு வழக்கம்போல வணக்கம் சொல்ல வேண்டும். கடிதம் எழுதுவதைவிட அந்த வணக்கம்தான் கஷ்டம் என்று இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

அனுப்பியபின் உள்ளே என்ன நடக்கிறது? முதலில் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம் இதற்கு 7 நாளும், என்ன செய்தோம் என்று தெரிவிக்க 3 மாதமும் கெடு வைக்கிறது. நம் நாட்டில் காலக்கெடு அந்தந்த நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. பதிலே வரவில்லை என்றால் பொறுத்திருந்துவிட்டு, அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டு மறுபடி கேட்பதில் தவறில்லை.

அதிகாரி முதலில் மேலாளரைத் தொடமாட்டார், ஆதாரத்தைப் பூட்டுவார். மின்னஞ்சல் பெட்டியின் நகலும் கணினிப் பதிவுகளும் பத்திரமாகும். ஆர்டரை யார், எந்த மணிக்குப் பதிந்தார் என்பது அங்கே இருக்கும். மே 14-இல் மூன்று ஆர்டர்களும் சில நிமிட இடைவெளியில் பதிவாகியிருந்தால் தேவை மூன்று முறை வந்தது என்ற சமாதானம் நிற்காது. பிறகு கேட் ரெஜிஸ்டரும் ஸ்டோர்ஸ் ரசீதும்: 36,000 பெட்டி உண்மையிலேயே உள்ளே வந்தனவா? அடுத்தது வெண்டரைச் சேர்த்தபோது நிரப்பிய படிவம்: யார் பரிந்துரைத்தார், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது? கடைசியாக ஊழியர்கள் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் உறவினர் விவர அறிவிப்பு. இவ்வளவும் கையில் வந்தபின்தான் மேலாளருக்கு அழைப்பு போகும். ரகசியமும் நியாயமான விசாரணையும் அவருக்கும் உரியவை என்பதை மறந்துவிடக்கூடாது.

முடிவு எப்படியும் இருக்கலாம். பழைய வெண்டர் சரக்கு தர முடியாமல் கைவிட்டார், காகித விலை ஏறியிருந்தது, உறவுமுறை என்ற பேச்சு வெறும் வதந்தி, கிடங்கில் இடமில்லாததால் பிரித்து வாங்கினார்கள் என்றுகூடத் தெரியலாம். அப்போதும் இரண்டு கொட்டேஷன் ஒரே ஆளுடையது என்பதற்கு விளக்கம் வேண்டியிருக்கும். ஒருவேளை எச்சரிக்கையோடு முடியலாம். அல்லது சந்தேகப்பட்டது முழுவதும் நிஜமாகி மேலாளர் வேலையை இழக்கலாம். இரண்டிலும் கடிதத்தின் ஒரு வரிகூடப் பொய்யாகாது. சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கான விதிவிலக்குகளில் ஒன்று, விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு. அதே விஷயத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இந்த விதிவிலக்கு கைகொடுக்காது. மறுபக்கம், அற்பமான புகார்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பவர்மீது நடவடிக்கை எடுக்கவும் விதிகளில் இடம் உண்டு.

முடிவின் முழு விவரம் புகார் கொடுத்தவருக்குச் சொல்லப்படாமல் போகலாம். ‘விசாரித்தோம், தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு நிற்கலாம். அது ஏமாற்றமாக இருந்தாலும், இன்னொருவரின் ஒழுங்கு நடவடிக்கை விவரத்தைப் பரப்பாதிருப்பது அதிகாரியின் கடமை.

பழிவாங்கல் வெளிப்படையாக வருவது அபூர்வம். திடீர் இடமாற்றம், காரணமில்லாத மோசமான மதிப்பீடு, முன்பு அழைத்த கூட்டங்களுக்கு அழைப்பில்லாமை என்றுதான் வரும். அது தற்செயலா பழிவாங்கலா என்று காட்ட உதவுவது தேதிகள். புகாருக்கு முந்தைய மதிப்பீடு என்ன, புகார் கொடுத்த நாள் எது, மாற்றம் எப்போது வந்தது என்று வரிசையாக எழுதி, அதைத் தனிப் புகாராகவே கொடுக்க வேண்டும். தனியார் ஊழியருக்குச் சட்டத்தின் துணை இங்கே மெலிந்ததுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 177-ஆம் பிரிவு பழிவாங்கலிலிருந்து போதிய பாதுகாப்பு வேண்டும் என்கிறது. எப்படி என்பதை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிடுகிறது. 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள்மீதான புகார்களுக்கானது. அதுவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே வேலையே போகலாம் என்ற நிலை இருந்தால், கடிதம் அனுப்புவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது. வழக்கறிஞரிடம் சொல்வது ரகசியத்தை உடைப்பதாகாது.

எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரு சாதாரண நாளில் உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தையோ ஆண்டறிக்கையையோ திறந்து, இந்தக் கண்காணிப்பு ஏற்பாடு பற்றிய பக்கத்தைத் தேடிப் பாருங்கள். இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் அதை வெளியிட்டே ஆக வேண்டும். யாருக்கு எழுதுவது, தணிக்கைக் குழுத் தலைவரை எப்படி அணுகுவது என்ற இரண்டும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கம்பெனி செக்ரட்டரியிடம் கேளுங்கள். யார்மீதும் புகார் இல்லாதபோது கேட்டால் எவரும் சந்தேகமாகப் பார்க்கமாட்டார்கள்.